சராசரிக் கோடும் ரெண்டு கூட்டமும்

மக்களே, இது பொட்டி தட்டுற பதிவு. கணக்கு கொஞ்சம் இருக்கும், ஆனா எட்டாங்கிளாஸ் சராசரிக் கணக்கைத் தாண்டாது. தைரியமா உள்ள வாங்க.

எந்த ஆபீஸ்ல பாத்தாலும் சுவத்துல ஒரு டிவி. அதுல சர்வர் பதில் சொல்ற நேரம் ஒரே ஒரு கோடா ஓடிட்டு இருக்கும். கோடு ஏறினா எல்லாரும் பதறுவாங்க, இறங்கினா டீ குடிக்கப் போவாங்க. என்னோட கட்சி என்னன்னா, அந்தக் கோட்டை டேஷ்போர்டோட தலைப்பக்கத்துல இருந்து எடுத்துடணும். அந்த இடத்துல ஹீட்மேப் இருக்கணும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல எங்க ஊர்க் கணக்கு. ராஜபாளையத்துல இருந்து சேத்தூருக்குத் தென்காசி வண்டியில ஏறினா 15 நிமிஷம், நின்னு நின்னு வர்ற டவுன் பஸ்ல ஏறினா 35 நிமிஷம்னு வச்சுக்குவோம். பாதிக்குப் பாதி ஜனம் ரெண்டுலயும் வருது. சராசரி 25 நிமிஷம். ஆனா 25 நிமிஷத்துல சேத்தூர் வந்து இறங்கின மனுஷன் ஒருத்தன்கூடக் கிடையாது. நடுவுல இருக்குற அந்த எண்ணுல ஆளே இல்ல.

சர்வர்லயும் இதே கதைதான். கேட்ட விவரம் கேஷ்ல இருந்தா உடனே பதில், இல்லாட்டி டேட்டாபேஸ் வரைக்கும் போயிட்டு வரணும். அதனால ரெண்டு கூட்டம் உண்டாகுது.

நான் வேலை பாத்த ஒரு இடத்துல (பேர் வேண்டாமே) நடந்ததைச் சொல்றேன், எண்களை மட்டும் முழுசாக்கிக்கிறேன். ஒரு தேடல் பக்கம். 100 கோரிக்கையில 90க்கு கேஷ்ல இருந்து 5 மில்லிசெகண்ட்ல பதில். மீதி 10 டேட்டாபேஸுக்குப் போய் 205 மில்லிசெகண்ட். சராசரி 25. ஒரு திங்கக்கிழமை கோடு 25ல இருந்து 45க்கு ஏறிப் போச்சு. "டேட்டாபேஸ் மூச்சு வாங்குது, பெரிய மெஷின் வாங்கணும்"னு பேச்சு ஆரம்பமாச்சு. கொட்டேஷன்கூட வந்தாச்சு.

இப்ப நீங்களே போட்டுப் பாருங்க. சராசரி 45 ஆகுறதுக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, டேட்டாபேஸ் நெசமாவே இழுக்குது: 90 பேருக்கு 5, 10 பேருக்கு 405. கூட்டி 100ஆல வகுத்தா 45.

ரெண்டு, டேட்டாபேஸ் அப்படியேதான் இருக்கு, ஆனா கேஷ்ல கிடைக்காம அங்க போறவங்க எண்ணிக்கை இரட்டிப்பாச்சு: 80 பேருக்கு 5, 20 பேருக்கு 205. இதுவும் 45!

கோடு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஏறும். ஆனா முதல் நோய்க்கு மருந்து டேட்டாபேஸ்ல, ரெண்டாவதுக்கு மருந்து கேஷ்ல. மாத்திக் குடுத்தா காசுதான் தண்டம்.

ஹிஸ்டோகிராம்ங்கிறது இந்தக் கோரிக்கைகளை நேரவாரியா டப்பாவுல போட்டு எண்றது, அவ்வளவுதான். போட்டுப் பாத்தோம். வலது பக்கத்துக் கூம்பு 205லயே அசையாம நிக்குது, உயரம் மட்டும் ரெண்டு மடங்கு. ஆக டேட்டாபேஸ் மேல குத்தமில்ல. தேடினா, முந்தின வாரம் போன ரிலீஸ்ல, விளம்பரத்துல இருந்து வர்றவங்களை எண்ணுறதுக்காக யூ.ஆர்.எல்.லுல ஒரு வால் சேத்திருந்தாங்க. கேஷ் சாவியில அந்த வாலும் சேந்துக்கிட்டதால, ஒரே தேடலே ஆளுக்கு ஆள் புதுசாத் தெரிஞ்சிருக்கு. சாவியில வாலை வெட்டினதும் கூம்பு பழைய உயரத்துக்கு வந்துடுச்சு. மெஷின் வாங்கல.

"சராசரியை யாரு பாக்குறா, நாங்க p99 பாக்குறோம்"னு சொல்ற நண்பர்களுக்கு: இந்தக் கேஸ்ல p99 முன்னாடியும் 205, பின்னாடியும் 205. நிம்மதியாத் தூங்கிட்டு இருக்கும். p50 ரெண்டு நேரமும் 5. p90 இன்னும் மோசம். கேஷ்ல கிடைக்கிறது 91 சதவீதம்னா அது 5 காட்டும், 89 ஆனா 205க்குத் தாவும். ரெண்டே சதவீதம் அசைஞ்சதுக்கு நாப்பது மடங்கு குதி. ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல போய் எந்தக் கோடு நின்னாலும் அதுக்கு வலிப்பு வந்த மாதிரிதான் ஆடும்.

சரி, ஹிஸ்டோகிராமே போதாதா, ஹீட்மேப் எதுக்கு? ஒரு மணி நேரத்துக்கான ஹிஸ்டோகிராம்ல 205லயும் 405லயும் ரெண்டு கூம்பு இருக்குன்னு வைங்க. ரெண்டும் ஒரே நேரத்துல இருந்துச்சா, இல்ல முதல் அரை மணி 205ல இருந்த கூட்டம் அப்புறம் 405க்கு நகந்துச்சா? ஹிஸ்டோகிராமுக்குக் காலம் தெரியாது. ஹீட்மேப்ல குறுக்க காலம், நெடுக்க பதில் நேரம், எண்ணிக்கைக்கு நிறம். நிமிஷத்துக்கு ஒரு ஹிஸ்டோகிராமை நிமித்தி வரிசையா அடுக்கின மாதிரி. கூட்டம் நகந்தா பட்டை மேல ஏறும், பெருத்தா நிறம் அடர்த்தியாகும். முதல் நோயும் ரெண்டாம் நோயும் கண்ணுக்கே தனித்தனியாத் தெரியும்.

இதைப் பிரபலமாக்கினவர் பிரெண்டன் கிரெக். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்தப்ப, 2008 கடைசியில, டிஸ்க் அடுக்குக்கு முன்னாடி நின்னு ஓங்கிக் கத்தி, அந்த அதிர்வுல டிஸ்க் தாமதமாகுறதை ஹீட்மேப்ல காட்டின வீடியோ யூட்யூப்ல இருக்கு. பாக்காதவங்க பாருங்க :-)

ப்ரோமீதியஸ், கிராஃபனா வச்சிருக்கவங்களுக்கு ஒரே வரிதான். ஹீட்மேப் பேனல்ல ஃபார்மட்டையும் `Heatmap`னு வைங்க:

```
sum by (le) (increase(http_request_duration_seconds_bucket[1m]))
```

ஆனா கண்ணை மூடிட்டு நம்பிடாதீங்க. டப்பா அளவுலதான் சூட்சுமம். கோ லைப்ரரி தானா குடுக்குற அளவுல 0.1 செகண்டுக்கு அடுத்த எல்லை 0.25. உங்க ரெண்டு கூட்டம் 110லயும் 240லயும் இருந்தா ரெண்டும் ஒரே டப்பாவுல விழுந்து ஒண்ணாத் தெரியும். கூட்டம் எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் அந்த இடத்துல டப்பாவைப் பொடிசாக்கணும். அதே மாதிரி நிறம். மெதுவான கூட்டம் நூத்துல ஒண்ணுன்னா சாதாரண நிற அளவுல வெளிறிப் போய்க் காணாமலே போயிடும். சின்ன எண்ணிக்கையும் கண்ணுல படுற மாதிரி நிற அளவை மாத்துங்க.

கோட்டுக்கு வேலையே இல்லைங்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு நம்மளை எழுப்புற அலாரத்துக்கு ஒரு எண் வேணும், படம் உதவாது. ஆனா அந்த எண்ணை நடுப் பள்ளத்துல இருந்து எடுங்க: "100 மில்லிசெகண்டைத் தாண்டினவங்க எத்தனை சதவீதம்?" எங்க கேஸ்ல அது 10ல இருந்து 20க்கு நேராப் போயிருக்கும், கேஷ் பக்கம் கையைக் காட்டியிருக்கும். அப்புறம் டேட்டாபேஸ் இழுக்குதான்னு பாக்க, தாண்டினவங்களுக்கு மட்டும் தனியா ஒரு சராசரி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோடுன்னா எனக்கு ஆட்சேபணையே இல்ல. ரெண்டு கூட்டத்துக்கும் சேத்து ஒரு கோடு போடுறதுலதான் சண்டை.

உங்க டேஷ்போர்டுல இன்னைக்கே ஒரு ஹீட்மேப் போட்டுப் பாருங்க. ஒரே பட்டை வந்தா கோட்டையே வச்சுக்குங்க. ரெண்டு வந்தா, ரெண்டாவது யாருன்னு கண்டுபிடிச்சு பின்னூட்டத்துல சொல்லுங்க.