மொத்தமா வாங்கினா மலிவு: அது தள்ளுபடி இல்லீங்க

"நிறைய வாங்குறவனுக்கு விலை குறைக்கிறான், இதுல என்ன தப்பு?" அப்படின்னு டேட்டா பேக் பத்தி வலையுலக நண்பர்கள் சிலர் எழுதறாங்க. தப்பு பெரிய பேக்குல இல்லை மக்களே, சின்ன பேக்குல இருக்கு. கணக்கு போட்டே காட்டறேன்.

ஒரு கற்பனை கம்பெனி. ஒரு ஜிபி கொடுக்க அதுக்கு ஆகிற செலவு 2 ரூபாய். வாடிக்கையாளர் ரெண்டே பேர். q-ஆவது ஜிபிக்கு சுப்பு தரத் தயாரா இருக்கிறது `10 - q` ரூபாய். கிரிக்கெட் பார்க்கிற ரமேஷ் `14 - q`. யார் எவர்னு கம்பெனிக்கு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. ரெண்டு பேக் போட்டு, அவங்களையே பிரிஞ்சுக்க வைக்கணும்.

முதல் யோசனை: சுப்புவுக்கு 8 ஜிபி 48 ரூபாய், ரமேஷுக்கு 12 ஜிபி 96 ரூபாய். ரெண்டு பேர்கிட்டயும் முழுசா கறந்தாச்சு. ஆனா ரமேஷ் முட்டாளா? 8 ஜிபி அவனுக்கு 80 ரூபாய் பெறும். 48-க்கு வாங்கினா 32 லாபம். அவனைப் பெரிய பேக்குல நிறுத்தணும்னா அதை 64-க்குத்தான் விக்க முடியும். கம்பெனி லாபம் 72.

இப்போதான் விஷமம். சின்ன பேக்கை 7 ஜிபியா வெட்டினா, சுப்புகிட்ட நஷ்டம் வெறும் அரை ரூபாய். ஆனா ரமேஷுக்கு அந்த பேக் மேல இருக்கிற ஆசை 4 ரூபாய் குறையுது. பெரிய பேக் விலையை 4 ரூபாய் ஏத்திக்கலாம்! இப்படியே வெட்டிக்கிட்டே போகலாம். 5-லேருந்து 4-க்கு வெட்டும்போது நஷ்டம் 3.50, வரவு 4. அதுக்குக் கீழே போனா நஷ்டம் 4.50, கட்டாது. அங்க கத்தி நிக்கும்.

முடிவு: 4 ஜிபி 32 ரூபாய், 12 ஜிபி 80 ரூபாய். லாபம் 80. ஜிபிக்கு சுப்பு 8 ரூபாய், ரமேஷ் சுமார் 6.67. செலவு ரெண்டு பேருக்கும் அதே 2 தான், கவனிங்க. சுப்பு அடுத்த துளி டேட்டாவுக்கு 6 ரூபாய் வரைக்கும் தரத் தயார், ஆனாலும் விக்க மாட்டான். ரமேஷுக்கு 16 ரூபாய் மிச்சம், சுப்புவுக்கு பூஜ்யம்.

இது புதுசும் இல்லை. 1849-லேயே டுப்யூயின்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் (நம்ம ஜாதி!) மூணாங்கிளாஸ் ரயில் பெட்டிக்குக் கூரை போடாததைப் பத்தி எழுதியிருக்கார். கூரைச் செலவை மிச்சம் பிடிக்க இல்லையாம், ரெண்டாங்கிளாஸ்காரன் இறங்கி வந்துடக் கூடாதுன்னு.

"அப்போ சின்ன பேக்கையே தடை பண்ணலாமா?"ன்னு கேக்காதீங்க, சுப்புவுக்கு அதுவும் போயிடும். ஒரு சுப்புவுக்கு ரெண்டு ரமேஷ் இருந்தாலே போதும், ஒவ்வொரு ஜிபி வெட்டுக்கும் வரவு 8 ஆயிடும், கம்பெனியே சின்ன பேக்கைத் தூக்கிடும். கம்பெனிக்கு உண்மையில் பயம் வேற: ரமேஷ் பெரிய பேக் வாங்கி ஹாட்ஸ்பாட்ல சுப்புவுக்குப் பங்கு போட்டா மொத்தக் கணக்கும் காலி. ஹாட்ஸ்பாட்டுக்கு சில கம்பெனிகள் ஏன் தனி வரம்பு வைக்குதுன்னு இப்போ புரியுதா? :-)

மறுக்கிறவங்க பின்னூட்டத்துல எண்ணோட வாங்க.