'ஹலோ, ஹலோ' சொன்னால் ஒத்திகை முடிஞ்சுதா?

ஆய்வரங்கு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் மேடையேறி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார். அத்தோடு எல்லாம் சரிபார்த்தாயிற்று. என்னைக் கேட்டால், அது ஒத்திகையே இல்லை. மைக்கைப் பார்த்தவர் பேசப்போவதில்லை. பேசப்போகிறவரின் ஸ்லைட்டை மண்டபக் கணினி இன்னும் கண்டதே இல்லை.

இதில் அதிகம் அடிபடுவது தமிழில் ஸ்லைட் செய்கிற நாங்கள்தான். ஒரு மாணவி வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறாள் என்று வையுங்கள். 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் jkpo; என்றுதான் சேமிக்கப்படும். அதைத் தமிழாக வரைந்து காட்டுவது பாமினி மட்டுமே. அவளுடைய லப்டொப்பில் பாமினி இருப்பதால் எத்தனை தரம் பார்த்தாலும் பிழை தெரியாது. பாமினி இல்லாத மண்டபக் கணினியில் பென்டிரைவைச் செருகினால், திரை முழுக்க jkpo; மாதிரித்தான் வரும்.

யூனிகோடுக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் போய்விடும். நீங்கள் தெரிந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும், கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். ஆனால் எழுத்தின் அகலம் மாறி, கடைசி வரி ஸ்லைட்டுக்கு வெளியே போகலாம். அதனால் கையில் ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும். அதில் எழுத்து குலையாது. வீடியோவும் அனிமேஷனும் மட்டும் ஓடாது.

மைக்கும் அப்படித்தான். 'ஹலோ' சொல்பவர் மைக்குக்கு நேரே நின்று உரத்துச் சொல்கிறார். பேச்சாளரோ திரையைத் திரும்பிப் பார்த்து வாசிப்பார். மேசை மைக் அசையாது, வாய் விலகிவிடும், குரல் பாதியில் காணாமல் போகும். ஆகவே பேசுபவரே தன் ஸ்லைட்டொன்றைத் திரையைப் பார்த்தபடி வாசிக்க வேணும். கடைசி வரிசையில் ஒருவர் இருந்து, கேட்காத இடத்தில் கையை உயர்த்தட்டும்.

நான் கேட்பது ஆளுக்கு மூன்று நிமிடம்தான். மண்டபக் கணினியில் தன் கோப்பைத் திறந்து, எல்லா ஸ்லைட்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, வீடியோ இருந்தால் சத்தம் ஸ்பீக்கரில் வருகிறதா என்று கேட்டு, ஒரு பந்தி வாசிப்பது. எட்டுப் பேருக்கு 24 நிமிடம். முதல்நாள் பின்னேரம் செய்தால், பிழை கண்டவருக்குத் திருத்த ஓர் இரவு கிடைக்கும்.

"அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்பார்கள். 15 நிமிட உரையில் ஐந்து நிமிடம் எழுத்துருவோடு போனாலும் தலைவர் மணியை நேரத்துக்கு அடித்துவிடுவார். அனுபவமுள்ள பேராசிரியர் ஸ்லைட் இல்லாமலும் சமாளிப்பார். முதல்தரம் மேடையேறும் மாணவிக்கு, ஒரு வருட ஆய்வின் முடிவுரை சொல்லாமலே போய்விடும். எனவே ஒத்திகை நேரத்தை அழைப்பிதழோடு அனுப்பும் நிகழ்ச்சி நிரலிலேயே போடுங்கள். அதைப் பேச்சாளரின் அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது.