வளைகுடாவிலிருந்து வந்த வெல்டருக்கு ஒரு டெஸ்ட் வையுங்கள்

வளைகுடா நாடுகளில் பல ஆண்டு உழைத்துவிட்டு அரியலூர், பெரம்பலூர் பக்கம் திரும்பும் வெல்டர், உள்ளூர் ஆலைக்கோ ஒப்பந்ததாரருக்கோ வேலை கேட்டு எழுதும்போது, "கல்ஃப் அனுபவம் 12 வருடம், எந்த வேலையும் செய்வேன்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். ஆலையோ ஐடிஐ சான்றிதழ் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் ஹெல்பர் கூலிக்கு வரச்சொல்கிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் விமானம் ஏறி, வேலைத்தளத்திலேயே தொழில் கற்றவரிடம் அந்தச் சான்றிதழ் எப்படி இருக்கும்? அவரிடம் இருப்பது கைத்தொழில். அதை ஆலையே டெஸ்ட் வைத்துப் பார்த்து, தேறினால் அந்தத் தரத்துக்கே எடுக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

12 வருடம் என்ற கணக்கு எதையும் சொல்வதில்லை. ஒருவர் அத்தனை வருடமும் கைப்பிடிக் கம்பிக்கும் சாரத்துக்கும் பற்று வைத்திருக்கலாம். இன்னொருவர் சுத்திகரிப்பு ஆலையில் உயரழுத்தக் குழாய்களை இணைத்திருக்கலாம். இக்காமா அட்டையைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது. வெல்டராக வேலை பார்த்தவருக்கு அதில் 'கூலித் தொழிலாளி' என்று பதிந்திருப்பது சவூதியில் புதிதல்ல. 2020இல் கொரோனாவால் திரும்பியவர்களுக்காக மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வதேஸ்' பதிவும் துறை, பதவி, அனுபவ ஆண்டு என்ற அளவில்தான் விவரம் திரட்டியது. ஆகவே, எழுதுபவர் தம் வேலையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "கார்பன் ஸ்டீல் பைப், 2 முதல் 12 அங்குலம், ரூட் டிக், மேலே ஆர்க், 6ஜி தேறியவன், கடைசியாக வெல்டிங் செய்தது மூன்று மாதம் முன், ஹாட் வொர்க் பெர்மிட் முறை தெரியும், பராமரிப்புப் பிரிவில் நேரடி வேலை வேண்டும், ஷட்டவுன் காலத்தில் இரவு ஷிப்டுக்கும் வருவேன்" என்று ஒருவர் எழுதினால், படிக்கும் பராமரிப்பு இன்ஜினியருக்கு ஆளை எங்கே நிறுத்தலாம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

வளைகுடாவில் வாங்கிய 6ஜி சான்றிதழ் போலியாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம், அசலாகவே இருந்தாலும் அதை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. உலகெங்கும் பின்பற்றப்படும் ஏ.எஸ்.எம்.இ. விதிப்படியே ஒரு வெல்டரின் தகுதிக்கு அவரை வைத்திருக்கும் நிறுவனம்தான் பொறுப்பு. ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அதற்கான தகுதியும் காலாவதி. சோதிப்பதோ எளிது. இரண்டு பைப் துண்டுகளை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்த வேண்டும். பைப்பைத் திருப்பாமல் வெல்டர்தான் சுற்றிவந்து முழு வட்டமும் இணைக்க வேண்டும். இதுதான் 6ஜி. உள்பக்கம் ரூட் முழுதும் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு அதிலிருந்து பட்டைகள் வெட்டி வளைத்தால், மறைந்திருக்கும் குறை விரிசலாக வெளியே வரும். விரிசல் சுமார் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் தேறவில்லை. அரை நாள் வேலை, கொஞ்சம் பைப், கொஞ்சம் ராடு. இதற்குமேல் ஆலைக்கு என்ன செலவு?

எங்களுக்குப் பைப் வேலை குறைவு, டக்ட், சூட், சைக்ளோன் என்று தகடுதான் அதிகம் என்று சிமெண்ட் ஆலைகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பைப்பில் 6ஜி தேறியவர், தகட்டை எந்த நிலையிலும் பள்ளம் நிரப்பி இணைக்கத் தகுதி பெற்றுவிடுகிறார். தேய்மானத்துக்கு மேல்பூச்சாகச் செய்யும் ஹார்டுஃபேசிங் வேறு வேலை. அதைப் பழக்க வேண்டியிருக்கும். பாய்லர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. இந்திய பாய்லர் விதிகளின்படி தனித் தேர்வில் தேறாதவர் அதைத் தொடக்கூடாது, வளைகுடாவில் அவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்திருந்தாலும் சரி. அதற்கான பயிற்சிக்கு வெகுதூரம் போகவேண்டாம். வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே பக்கத்தில் திருச்சியில் பெல் வளாகத்தில் இருக்கிறது.

எடுத்தாலும் மறுபடி விசா வந்ததும் போய்விடுவார்கள் என்ற வருத்தம்தான் முதலாளிகளிடம் அதிகம். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் ஆறு மாத ஒப்பந்தமும் ஹெல்பர் கூலியும் கொடுத்துவிட்டு, அவர் நிற்கவில்லை என்று குறைசொல்வது சரியல்ல. அங்கே வாங்கிய சம்பளத்தை இங்கே தரமுடியாது என்பது அவருக்கும் தெரியும். தரத்துக்கேற்ற கூலி, பி.எஃப்., வீட்டோடு இருக்கும் வாழ்க்கை, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். முதல் இரண்டும் ஆலையின் கையில் இருக்கின்றன.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் பயோடேட்டா வாங்க மேசை போடும் ஆலைகள், அடுத்த முகாமில் ஒரு வெல்டிங் மெஷினையும் பத்துப் பைப் துண்டுகளையும் கொண்டுவந்து வைக்கட்டும்.