நடுவர் இல்லாத விவாதம்

நம் மேல்நிலை மாணவர்களுக்குப் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் பட்டிமன்றத்தில் அணி முதலிலேயே முடிவாகிவிடுகிறது. யாரும் மனம் மாறக் கூடாது. தீர்ப்பை நடுவர் பார்த்துக்கொள்வார். சாக்ரடீஸ் முறைக் கலந்துரையாடல் இதற்கு நேர்மாறானது. அமெரிக்க மெய்யியலாளர் மார்ட்டிமர் அட்லர் 1982-ல் முன்வைத்த கல்வித் திட்டம், இதைப் பள்ளிக் கற்பித்தலின் மூன்று தூண்களில் ஒன்றாக வைத்தது. இதில் அணி இல்லை, நடுவரும் இல்லை. எதைச் சொன்னாலும் படிக்கும் பாடலில் இடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கபிலரின் குறுந்தொகை 25-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடிகள். தலைவன் தன்னைக் கூடிய நாளில் அங்கே யாரும் இல்லை, அவன் மட்டுமே இருந்தான் என்கிறாள் தலைவி. அவனைக் கள்வன் என்றும் சொல்கிறாள். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். பிறகு, தினைத்தாள் போன்ற கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது என்று முடிக்கிறாள்.

கலந்துரையாடலுக்கு முந்தின நாளே, அடிகளுக்கு எண்ணிட்டு, ஓரம் விட்டு அச்சிட்ட தாள் மாணவர் கைக்குப் போக வேண்டும். அருஞ்சொற்பொருள் தரலாம், பொழிப்புரை கூடாது. உரையைக் கொடுத்துவிட்டால் மறுநாள் அதை ஒப்பிப்பார்களே தவிரப் பாடலைப் பார்க்கமாட்டார்கள். இரண்டு முறை படித்து, விடை தெரியாத ஒரு கேள்வியை அடி எண்ணோடு எழுதி வர வேண்டும். எழுதாதவர் முதல் சுற்றில் பேச முடியாது.

பாடம் நிற்பதும் விழுவதும் ஆசிரியரின் தொடக்கக் கேள்வியில்தான். ‘மையக் கருத்து என்ன’ என்றால் வழிகாட்டி நூல் பதில் சொல்லிவிடும். ‘தலைவன் ஏமாற்றியது சரியா’ என்றால் பட்டிமன்றம் தொடங்கிவிடும். பாடல் தேவையே இல்லை. தவிர, அவன் ஏமாற்றிவிட்டதாக அவள் சொல்லவும் இல்லை. ‘குருகைச் சாட்சியாக அவள் நம்புகிறாளா’ என்று கேட்டால் ஐந்து அடிகளும் வேலை செய்யத் தொடங்கும். நம்பவில்லை, அதன் கண் மீன்மேல் இருந்தது என்பார் ஒருவர். நம்பாதவள் ஏன் அதன் காலைக்கூட மறக்காமல் சொல்கிறாள் என்பார் இன்னொருவர். யாருமே இல்லை என்று தொடங்கியவள் குருகை ஏன் கடைசியில் சேர்த்தாள் என்று மூன்றாமவர் கேட்பார். இரைக்குக் காத்திருக்கும் குருகில் தலைவனின் சாயல் தெரிகிறதா என்ற கேள்வி தானாக எழுந்தால், அந்த வகுப்பு வென்றுவிட்டது.

நாற்பது பேர் ஒரே வட்டத்தில் பேச முடியாது. அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை எடுத்து, மூன்று சுற்றாகப் பிரிக்கலாம். சுற்றுக்கு இருபது நிமிடம், பதின்மூன்று பதினான்கு பேர் உள்வட்டத்தில். வெளிவட்டத்தில் இருப்பவர் ஒவ்வொருவரும் உள்ளே ஒருவரைக் கவனித்துக் குறிப்பெடுப்பார். விதிகள் நான்கு போதும்: கை தூக்க வேண்டாம், ஆசிரியரைப் பார்த்துப் பேசாமல் ஒருவரோடொருவர் பேசுங்கள், கருத்துக்கு முன் அடி எண்ணைச் சொல்லுங்கள், மறுப்பதற்கு முன், மற்றவர் சொன்னதை அவர் ஒப்பும்படி திருப்பிச் சொல்லுங்கள்.

ஆசிரியர் ஒரு தாளில் வட்டம் வரைந்து, பேச்சு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். கோளாறு அதில் தெரிந்துவிடும். கோடுகள் மூன்று பெயர்களுக்குள்ளேயே சுற்றினால், மூன்று முறை பேசியவர் புதிதாக இருவர் பேசும்வரை காத்திருக்கட்டும். எல்லாக் கோடும் ஆசிரியரிடமே திரும்பினால், அவர் தலையாட்டிப் பாராட்டுகிறார் என்று பொருள். தாளைப் பார்த்துக் குனிந்துகொள்வதே மருந்து. சில நிமிடங்களாக அடி எண்ணே காதில் விழவில்லை என்றால், ‘எந்த அடி?’ என்று மட்டும் கேட்கலாம். மௌனம் வந்தால் பதற வேண்டாம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தாலே விடைகள் நீள்கின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் காட்டினார்.

எத்தனை முறை பேசினார் என்று எண்ணி மதிப்பெண் போட்டால் வாயாடிகள் ஜெயிப்பார்கள், கூச்சக்காரர்கள் தோற்பார்கள். முடிவில் எல்லாரும் ஒரு பத்தி எழுதட்டும்: என் எண்ணம் எங்கே மாறியது, அல்லது ஏன் மாறவில்லை, எந்த அடி காரணம்? மதிப்பெண் அதற்கே.

இந்த முறை யாப்பையும் திணை மரபையும் கற்றுத் தராது; அவற்றை ஆசிரியர்தான் நடத்தியாக வேண்டும். பாடத்திட்ட நெருக்கடியில் பருவத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் இதற்கு இடமும் இல்லை. ஆனால் உரையைப் படிக்கும் வரிசையை இது மாற்றிவிடுகிறது. உ.வே.சாமிநாதையர் 1937-ல் தந்த குறுந்தொகை உரையை மறுநாள் வகுப்பில் திறந்தால், குருகைப் பற்றித் தனக்கென்று ஒரு முடிவு வைத்திருக்கும் மாணவர், ஐயர் அதை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று தேடுவார். உரைக்குத் தேவை அப்படிப்பட்ட வாசகர்தான்.