ரிஜிஸ்டர் நம்பர் நற்சான்றிதழ் அல்ல



போன வாரம் என் தங்கை மகன் ஒரு நோட்டீஸோடு வந்தான். மனை விற்கும் கம்பெனி ஒன்று 14 சதவீத வட்டிக்கு டெபாசிட் வாங்குகிறதாம். "30 ஆண்டுப் பாரம்பரியம்" என்று கொட்டை எழுத்து. "மாமா, கவர்மென்ட் ரிஜிஸ்டர் நம்பரே போட்டிருக்காங்க, அப்புறம் என்ன பயம்?" என்றான்.

அந்த நம்பரைப் படித்தாயா என்று கேட்டேன். முழித்தான். படித்தவர்களே இப்படி இருந்தால் ஏமாற்றுபவனுக்குக் கொண்டாட்டம்தானே?

கம்பெனி அடையாள எண் என்பது 21 எழுத்து. டிசிஎஸ் கம்பெனியின் எண்ணைப் பாருங்கள்:

```
L22210MH1995PLC084781
```

முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. U என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. MH மகாராஷ்டிரா. 1995 பதிவான ஆண்டு. PLC என்றால் பப்ளிக் லிமிடெட். PTC என்றால் பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறும் பதிவாளர் தந்த வரிசை எண்.

இனி, அந்த நோட்டீஸில் இருந்தது (கம்பெனியைக் காட்டிக்கொடுக்கும் இலக்கங்களை மறைத்திருக்கிறேன்):

```
U-----TZ2021PTC------
```

TZ என்றால் கோயம்புத்தூர்ப் பதிவாளர், சென்னைக்கு TN. அது சரி. ஆனால் பதிவான ஆண்டு 2021! முப்பது ஆண்டு எங்கிருந்து வந்தது? "அப்பா காலத்திலிருந்து தொழில் செய்கிறோம்" என்பார்கள். இருக்கலாம். டிசிஎஸ் கூட 1968-லேயே டாடா சன்ஸின் ஒரு பிரிவாகத் தொடங்கியதுதான். தனிக் கம்பெனியாகப் பதிவானதுதான் 1995. அப்படியானால் பழைய தொழில் எந்தப் பெயரில் நடந்தது, அதன் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் PTC. பொருள் விற்கும் பிரைவேட் கம்பெனி, தன் பங்குதாரர் அல்லாத பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க 2013 கம்பெனிச் சட்டத்தில் இடமில்லை. நம்பிக்கைக்காக அச்சடித்த எண்ணே அவர்களுக்கு எதிரான சாட்சி!

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆண்டைப் பார்த்தும் மயங்காதீர்கள். தூங்கிக் கிடக்கும் பழைய கம்பெனியை ஒருவர் விலைக்கு வாங்கினாலும் ஆண்டு மாறாது. தொழில் வகை எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. ரிலையன்ஸ் எண்ணில் இன்னும் நூல் நூற்கும் தொழிலின் 17110 தான் இருக்கிறது.

எனவே இந்த எண் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே, நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. கம்பெனியின் லெட்டர்பேடிலும் பில்லிலும் இதை அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்வது, நாம் படிப்பதற்காகத்தான். ஒன்பதாவது எழுத்திலிருந்து ஏழு எழுத்தைப் படியுங்கள். ஆண்டும் வகையும் அதில் இருக்கிறது. நோட்டீஸோடு பொருந்தவில்லையென்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

தங்கை மகன் எடுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்