'ஆளுமை – 5 மதிப்பெண்': அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பது யார்?

அடையாறில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகம். கள ஆய்வு உதவியாளர் வேலைக்கு நேர்காணல். தேர்வுக் குழுவில் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான். முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரைக் குழுவில் வைத்தால் ஜனநாயகமாகத் தெரியும் என்று அழைத்திருப்பார்கள் போல.

மேசையில் ஒரே ஒரு மதிப்பெண் தாள் இருந்தது. விண்ணப்பதாரர் வெளியே போனதும் தலைவர் வாயைத் திறந்தார்: "நல்லாப் பேசுறார். இருபதுக்குப் பதினாறு போடலாமா?" இன்னொருவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பிறகு அந்தப் பதினாறைக் கள அனுபவம், தரவு, எழுத்து, ஆளுமை என்று நான்கு வரிசைகளில் பிரித்து நிரப்பினோம். கூட்டல் தலைகீழாக நடந்தது. ஒருவர் சொன்ன எண்ணுக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதுவும் நம் மாநிலத்து வழக்கில்தான். 1970-71 மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண். அதில் 75 நேர்காணலுக்கு. விளையாட்டு, உடல்திறன், பொதுத் திறமை என எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அரசு பட்டியல் கொடுத்திருந்தது. குழுக்களோ எதற்கு எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டன. பெரியகருப்பன் வழக்கில் நீதிபதி கே.எஸ். ஹெக்டே எழுதிய தீர்ப்பு, தலைப்பு வாரியாகப் பிரிக்காமல் மொத்தமாகப் போட்டது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. 275இல் 75 என்பதே மிகை என்றும் சொன்னது. அதே வழக்கில் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டையும் எதிர்த்து வாதாடினார்கள். நீதிமன்றம் இடஒதுக்கீட்டை ஏற்றது. 'தகுதி போச்சு' என்று ஒதுக்கீட்டைப் பார்த்துக் கூவுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்கலாம். அங்கே தகுதியைக் குலைத்தது ஒதுக்கீடு அல்ல, நேர்காணல் அறை.

1981இல் அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், அதிலும் பெற்றோர் யார், எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். நேர்காணலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பதை நீதிமன்றம் தன்னிச்சையானது என்றது.

பெற்றோர் யார், ஊர் எது. நம் நாட்டில் இந்த இரண்டு கேள்விகளும் என்ன கேட்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் தனியார் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் அதிகாரிகளைச் சந்தித்து எழுதிய கட்டுரையில், 'குடும்பப் பின்னணி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சாதி பார்ப்பதாக யாரும் சொல்வதில்லை. பின்னணி பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அடையாறுக்குத் திரும்புகிறேன். சில மாதம் கழித்து அதே அலுவலகத்தில் இன்னொரு காலியிடம். இம்முறை தனித்தனித் தாள் வேண்டும் என்று அடம்பிடித்தேன். எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசையில். ஒவ்வொரு விண்ணப்பதாரரும் வெளியே போனதும் யாரும் பேசக் கூடாது. அவரவர் நான்கு வரிசைகளுக்கும் ஐந்துக்கு எவ்வளவு என்று பேனாவால் எழுதி, தாளைக் கவிழ்த்துவிட வேண்டும். முதலில் யார் எண்ணைச் சொல்கிறாரோ அந்த எண்ணைச் சுற்றித்தான் மற்றவர்கள் நகர்வார்கள். பெரும்பாலும் அது தலைவரின் எண். பேசாமல் எழுதச் சொன்னது அதனால்தான்.

கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். முதலாமவர் நகரத்து ஆங்கிலவழிப் படிப்பு. இரண்டாமவர் முதல் தலைமுறைப் பட்டதாரி, தமிழ்வழி, ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர். தாள்களைத் திருப்பினோம். தலைவர், நான், மூன்றாமவர் என்ற வரிசையில் படியுங்கள்.

கள அனுபவம்: முதலாமவருக்கு 2, 2, 3, இரண்டாமவருக்கு 4, 5, 4. தரவு: முதலாமவருக்கு மூவரும் 4, இரண்டாமவருக்கு மூவரும் 3. எழுத்து: 4, 3, 4, மற்றவருக்கு 3, 4, 3. இதுவரை பெரிய சண்டை இல்லை. மூன்று வரிசையையும் கூட்டினால் முதலாமவர் 30, இரண்டாமவர் 32.

நான்காவது வரிசை 'ஆளுமையும் தகவல்தொடர்பும்'. முதலாமவருக்கு 5, 3, 5. இரண்டாமவருக்கு 1, 4, 2. கூட்டினால் 43க்கு 39.

ஒரே மனிதர், ஒரே அறை, ஒரே இருபது நிமிடம். தலைவருக்கு 1ஆகத் தெரிந்தவர் எனக்கு 4. தரவு வரிசையில் கணினியில் ஒரு பயிற்சி கொடுத்து, எத்தனை பிழை என்று எண்ணி மதிப்பெண் போட்டோம்; அதனால் மூன்று பேரும் ஒத்துப்போனோம். ஆளுமையில் எதை எண்ணினோம்? தலைவரிடம் கேட்டேன். "கொஞ்சம் பாலிஷ் கம்மி" என்றார். என்னிடமும் அவர் திருப்பிக் கேட்டார், நான் தடுமாறினேன். உண்மையைச் சொன்னால், இரண்டாமவரின் பேச்சு என் வீட்டுப் பேச்சு. என் நான்கிலும் அது கலந்திருக்கிறது.

பழைய ஒற்றைத் தாளாக இருந்தால் இந்த 1உம் 4உம் வெளியே வந்திருக்காது. இருபதுக்குப் பதினைந்து, பதினொன்று என்று இரண்டு எண்கள் கோப்புக்குள் போயிருக்கும்.

அந்த வரிசையை நீக்கிவிட்டுப் பார்ப்போம் என்றேன். தலைவர் மறுத்தார். விண்ணப்பதாரர்களைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றக் கூடாது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் தோழர்களே, அவர் சொன்னது சரி. முடிவு தமக்குப் பிடிக்கவில்லை என்று அவர்கள் ஒரு வரிசையை மாற்றியிருந்தால் நான் அதைத்தான் மோசடி என்று எழுதியிருப்பேன். முதலாமவருக்கே வேலை கிடைத்தது. இரண்டாமவருக்கு வழக்கமான இரண்டு வரி மின்னஞ்சல் போனது.

'அட்டவணையெல்லாம் கார்ப்பரேட் சமாச்சாரம், சாதியை எக்செல் ஒழிக்குமா' என்று நம்மவர்களே கிண்டலடிக்கிறார்கள். ஒழிக்காது. மூன்று பேரும் ஒரே அக்ரகாரத்திலிருந்து வந்தால், தனித்தனியாக எழுதினாலும் ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள். அந்த ஒற்றுமையைப் 'புறவயம்' என்று வேறு அழைப்பார்கள். அட்டவணைக்கு முன்னால் குழுவில் யார் என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் அட்டவணையே இல்லாத இடத்தில் நாம் எதைச் சுட்டிக்காட்டிச் சண்டை போடுவது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளைப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு முனைவர் பட்டத்துக்கு 30, ஜேஆர்எஃப்புடன் நெட் என்றால் 7 என்று பக்கம் பக்கமாக அட்டவணை. அத்தனையும் நேர்காணலுக்குக் கூப்பிட மட்டும். அறைக்குள் நுழைந்ததும் அந்த எண்களெல்லாம் செல்லாது. தேர்வு நேர்காணலை வைத்து மட்டுமே. அந்த அறையிலிருந்துதான் ஒதுக்கீட்டு இடங்களுக்கு 'தகுந்தவர் யாருமில்லை' என்ற முத்திரை வெளியே வருகிறது. யார், எந்த வரிசையில், எவ்வளவு போட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் தாளைக் கேட்க வேண்டும்.

வரிசைகள் மீதான சண்டையை விளம்பரம் வெளியாவதற்கு முன்பே போட வேண்டும் என்று அன்று கற்றேன். அடுத்த காலியிடத்துக்கு இரண்டு வாரம் முன்பே போய் உட்கார்ந்தேன். 'ஆளுமை' போனது. அதற்குப் பதில்: கதவைச் சாத்தப் போகும் ஒருவரிடம் ஆய்வின் நோக்கத்தைத் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்குதல், ஐந்து நிமிடம், அலுவலக ஊழியர் ஒருவர் வீட்டுக்காரராக நடிப்பார். மறுக்கும் உரிமை உண்டு என்று சொல்லவே இல்லையென்றால் 1. சொன்னார், ஆனால் கேட்டவருக்குப் புரியவில்லையென்றால் 3. புரியவைத்து, எதிர்க்கேள்விக்கும் பதில் சொன்னால் 5. இரண்டு தாள்களுக்கு இடையே இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால், இருவரும் என்ன பார்த்தார்கள் என்று தாளிலேயே எழுத வேண்டும். பழைய எண்ணை அடிக்கக் கூடாது. ஒருவர் நான்கு வரிசையிலும் ஒரே எண்ணைப் போட்டிருந்தால், அவர் வரிசைகளைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்திருக்கிறார் என்று சந்தேகித்துக் காரணம் கேட்க வேண்டும். கேட்கும் விண்ணப்பதாரருக்குத் தாளின் நகல் தர வேண்டும்.

கடைசி நிபந்தனையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தலைவர் ஒப்புக்கொண்டார். நகல் தருவது 'நிர்வாகச் சிக்கல்' என்கிறார். அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது.