வெளிச்சமே திரையாகும்போது

நம் அயலிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அவருக்கு வயது 71. மாலைதோறும் சைக்கிளில் கோயிலுக்குச் சென்று, பொழுதுபட்டபின் வீடு திரும்புவது அவர் வழக்கம். ஒருநாள் அவ்வாறு திரும்புகையில், எதிரே வந்த பஸ்ஸின் விளக்கொளி அவர் முகத்திற் பட்டது. அவ்வொளியன்றி வேறொன்றும் அவருக்குப் புலப்படவில்லை. தெருவோரத்தில் நின்ற சிறுவன் கூச்சலிட்ட பிறகே, அவன்மீது மோதுவதற்கு ஒரு முழத் தூரமே இருந்தமையை அவர் உணர்ந்தார்.

மறுநாட் காலை அவர் நம்மிடம் வந்தார். "தம்பி, இனிச் சைக்கிளைத் தொடமாட்டேன். ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் கடையிலே கண்ணைச் சோதிப்பித்துப் புதுக் கண்ணாடி வாங்கினேன். எழுத்துப் பலகையில் கடைசி வரிக்குச் சற்று மேல்வரை வாசித்தேன். கண்ணிற் பெரிய குறையில்லை என்றார்கள். அப்படியானால் நேற்று ஏன் இவ்வாறு நடந்தது?" என்று கேட்டார்.

நாம் மேலும் வினவியபோது வேறு இரண்டு செய்திகள் வெளிவந்தன. நண்பகல் வெயிலில் முற்றத்து மணலைக் கடந்து வருபவர் யாரென்று அவருக்குத் தெரிவதில்லையாம். அதே ஆளை மாலை மங்கலில் எளிதில் அறிந்துகொள்வாராம். மற்றது, ஏறக்குறைய ஒரு வருடமாக அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பத்திரிகை வாசிக்கின்றாராம். "கண் தெளிந்து வருகின்றதென்றே எண்ணியிருந்தேன்" என்றார்.

ஒளி குறையப் பார்வை குறையும் என்பது எல்லோரும் அறிந்தது. ஒளி கூடப் பார்வை குறைவது எவ்வாறு? அவர் கூறிய மூன்று செய்திகளுக்கும் காரணம் ஒன்றே. அதுவே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கண்ணின் கரிய வட்டத்தின் நடுவே உள்ள துவாரத்தைக் கண்மணி என்கிறோம். அதற்கு நேர்பின்னே, ஒரு பயற்றம்பருப்பை ஒத்த வடிவில், ஆனால் அதனிற் பெரிதாய், கண்வில்லை அமைந்திருக்கின்றது. வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து, கண்ணின் பின்சுவராகிய விழித்திரையில் உருவத்தை விழச் செய்வதில் அதற்கும் பங்குண்டு. கட்புரை என்பதைக் கண்ணின்மேல் வளரும் ஒரு தோல் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கண்மேல் எதுவும் வளர்வதில்லை. உள்ளே இருக்கும் வில்லையே தெளிவிழந்து மங்குகின்றது.

வில்லையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம்; எஞ்சியதிற் பெரும்பாலானது நீர். இவ்வளவு புரதம் செறிந்த பொருள் கண்ணாடிபோலத் தெளிவாயிருப்பது எப்படி? புரதத் துணிக்கைகள் ஒளியலையினும் மிகச் சிறியன; அன்றியும், இடைவெளி வேறுபாடின்றி ஒழுங்காக நெருங்கி நிற்பன. அதனால் ஒளி ஏறக்குறைய நேராகக் கடந்து செல்கின்றது. ஆனால் வில்லைக்குள் இரத்தக் குழாய் இல்லை. அதன் நடுப்பகுதியிலுள்ள புரதம் நாம் பிறக்குமுன்னரே உண்டானது. அது பழுதடைந்தால் மாற்றிக்கொள்ள வழியில்லை. வெங்காயத்தின் தோல்போலப் புதிய படைகள் வெளிப்புறத்திற் சேர்ந்துகொண்டே இருக்க, உட்பகுதி ஆயுள் முழுவதும் பழையதாகவே இருக்கும். பல்லாண்டுகளில் அப்புரதம் சிதைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றது. முட்டையின் வெண்கரு தெளிவாயிருந்து, வேகும்போது வெள்ளையாவதை நாம் அடுக்களையிற் காண்கின்றோம். அங்கே சூட்டினால் நிமிடத்தில் நிகழ்வதை ஒத்த ஒன்று, வில்லையிலே சூடின்றி ஆண்டுக்கணக்கில் நிகழ்கின்றது. புகைத்தல், நீரிழிவு, கண்ணிற் பட்ட அடி, நெடுங்காலம் உட்கொண்ட ஸ்ரீரொயிட் மருந்து ஆகியன அதை விரைவுபடுத்தும்.

திரண்ட புரதம் ஒளியைத் தடுப்பது மட்டுமன்று. அதைச் சிதறச் செய்வதே பெருந்தொல்லை. பஸ்ஸின் முன்கண்ணாடியிற் புழுதி படிந்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு பின்னே இருக்கும்போது சாரதிக்குத் தெரு நன்கு தெரியும். வண்டி திரும்பி ஞாயிறு முன்னே வந்ததும், புழுதி முழுவதும் ஒளிர்ந்து தெருவை மறைத்துவிடும். புழுதி கூடவில்லை, ஒளி வரும் திசையே மாறியது. மங்கிய வில்லையும் இத்தகையதே. ஒரு விளக்கின் ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியில் மாத்திரம் விழவேண்டியிருக்க, அதில் ஒரு பகுதி சிதறி விழித்திரை எங்கும் மெல்லிய வெண்திரைபோலப் பரவுகின்றது.

இத்திரை ஒரு பொருளை எவ்வாறு மறைக்கின்றது என்பதைச் சிறு கணக்கொன்றாற் காண்போம். இங்கு தரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. அந்தி வேளையில் தெருவிலிருந்து கண்ணை அடையும் ஒளி 4 பங்கு என்றும், கரிய உடை அணிந்த சிறுவனிடமிருந்து வருவது 2 பங்கு என்றும் கொள்வோம். தெருவின் ஒளி சிறுவனுடையதிலும் இருமடங்கு. ஆகவே அவன் தெளிவாகத் தெரிவான். இப்போது எதிரே விளக்கு வருகின்றது. இளைஞர் கண்ணிலும் சிறிது ஒளி சிதறும். அது 2 பங்கு எனின், தெரு 6, சிறுவன் 4 ஆகும். இன்னும் ஒன்றரை மடங்கு வேறுபாடு உண்டு, அவன் தெரிவான். மங்கிய வில்லையில் 20 பங்கு சிதறுகின்றது எனின், தெரு 24, சிறுவன் 22. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு முன்போல 2 பங்கேயாயினும், 24க்கும் 22க்கும் உள்ள வேறுபாட்டை அவசரத்திற் கண் உணர்வது அரிது. சிறுவன் தெருவோடு தெருவாய்க் கரைந்துவிடுவான். விளக்கு கடந்து சென்றதும் மீண்டும் தோன்றுவான். நம் ஆசிரியருக்கு நேர்ந்தது இதுவே.

எழுத்துப் பலகை இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன்? அது மங்கலான அறையில் ஒளியூட்டப்பட்டிருக்கும். வெண்மையில் ஆழ்ந்த கருமையாக எழுத்துகள் இருக்கும். பக்கத்திலிருந்து கண்ணைத் தாக்கும் விளக்கு அங்கில்லை. அத்தகைய வேறுபாட்டைச் சிறிதளவு திரை மறைத்துவிடாது. பலகை, எழுத்து எவ்வளவு சிறிதாயினும் தெரியுமா என்பதைச் சொல்லும்; ஒளி எதிர்த்து நிற்கும்போது நிழல் தெரியுமா என்பதைச் சொல்லாது.

நண்பகற் செய்திக்கு வருவோம். வில்லையின் எப்பகுதி மங்குகின்றது என்பதைப் பொறுத்துக் குறிகள் வேறுபடும். சிலருக்கு வில்லையின் பின்புறத்து நடுவிலே மங்கல் உண்டாகின்றது. வெயிலிலே கண்மணி சுருங்குவதால், ஒளி அந்த நடுப்பகுதி வழியாகவே செல்ல நேர்கின்றது. மாலையிற் கண்மணி விரிய, மங்கலைச் சுற்றியுள்ள தெளிந்த பகுதியும் பயன்படுகின்றது. ஆகையினாலே வெயிலிற் குருடும் அந்தியிற் பார்வையும் உண்டாயின.

கண்ணாடியின்றிப் பத்திரிகை வாசித்ததோ வேறொரு பகுதியின் வேலை. வில்லையின் உட்கரு முதிர்ந்து இறுகும்போது, அது ஒளியை முன்னிலும் வலிதாக வளைக்கின்றது. அதனால் அருகிலுள்ளது தெளிந்து, தொலைவிலுள்ளது மங்கும். முதுமையில் வாசிப்புக் கண்ணாடியைத் துறந்தவரைக் கண்டு பிள்ளைகள் மகிழ்வதுண்டு. அது பார்வை திரும்பியதன்று. வில்லை மாறுகின்றது என்பதன் அறிகுறி. சிலகாலத்தில் அவ்வாதாயமும் போய்விடும்.

நம் தூண்டுதலால் ஆசிரியர் கண் வைத்தியரிடம் சென்றார். இம்முறை "பார்வை மங்கல்" என்று மாத்திரம் சொல்லாமல், எந்நேரத்தில், எவ்வொளியில் மங்குகின்றதென்று சொன்னார். வைத்தியர் கண்மணியை விரியச் செய்யும் துளிமருந்து இட்டு, ஒடுங்கிய ஒளிக்கற்றையை வில்லையினூடு செலுத்தி நோக்கினார். உட்கரு மஞ்சளித்திருந்தது, வலக்கண்ணிற் பின்புற நடுவிலும் மங்கல் இருந்தது. மங்கல் அறையில் 6/9 வரி வாசித்த அதே கண், பக்கத்தில் விளக்கொன்றைப் பிடித்தபோது 6/24 வரியோடு நின்றுவிட்டது. அதாவது நல்ல கண் 24 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை 6 மீற்றரில் நின்றே வாசிக்க முடிந்தது.

வீட்டிலும் ஒரு சிறு சோதனை செய்யலாம். வெயிலில் நிற்கும் முதியவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்து ஒளியை மறைத்ததும் எதிரேயுள்ள முகம் தெளிகின்றதெனின், ஒளிச்சிதறலையே ஐயுறவேண்டும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கட்புரை மெல்ல வருவது, நோவு தராதது. திடீரெனப் பார்வை போதல், கண் சிவந்து கடும் நோவும் வாந்தியும் உண்டாதல், மின்னல்போலத் தோன்றி ஒரு பக்கம் திரைபோல மறைதல் ஆகியன வேறு நோய்களின் குறிகள். அவற்றுக்கு அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

மங்கிய வில்லையைத் தெளிவிக்கும் துளிமருந்து இதுவரை நிலைநாட்டப்படவில்லை. தொல்லை குறைவாயின் தொப்பி, நிறக்கண்ணாடி, வாசிக்கும்போது பின்புறமிருந்து வரும் விளக்கு ஆகியன உதவும். தொல்லை மிகின் வில்லையை மாற்றுவதே வழி. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான வெட்டினூடே நுண்ணிய அதிர்வினாற் பழைய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்து, அதன் உறையை விட்டுவைத்து, அதனுள் மடித்த செயற்கை வில்லையை விரிப்பர். 1949இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி என்னும் வைத்தியரே செயற்கை வில்லையை முதன்முதல் கண்ணில் வைத்தவர். போர்க்கால விமானிகளின் கண்ணிற் புகுந்த விமானக் கூரையின் பிளாஸ்ரிக் துண்டுகளைக் கண் வெறுக்காமல் ஏற்றிருந்ததை அவர் கவனித்திருந்தார்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. விழித்திரை நீரிழிவினாலோ வேறு நோயினாலோ பழுதுற்றிருந்தால், வில்லை தெளிந்தாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது. மாற்றியபின் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, விட்டுவைத்த உறை மங்கி, பழைய கூச்சம் மீள்வதும் உண்டு. அது புரை மீண்டும் வந்ததன்று; லேசர் ஒளியினாற் சில நிமிடங்களில் உறையில் ஒரு வழி திறந்து அதை நீக்குவர்.

ஆசிரியருக்கு வலக்கண்ணில் வில்லை மாற்றப்பட்டது. பத்து நாட்களின் பின் நாம் சென்றபோது, அவர் கொடியிற் காய்ந்த வேட்டியின்முன் நின்று ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தக் கண்ணுக்கு வெள்ளை, அந்தக் கண்ணுக்குத் தேநீரில் தோய்த்ததுபோல இருக்கின்றது. இத்தனை வருடமும் வெளுக்கத் தெரியாதென்று உன் மாமியையன்றோ ஏசினேன்!" என்றார். மாமியார் அடுக்களையிலிருந்து விடையொன்றும் கூறவில்லை.

சைக்கிளோ திண்ணையிற் சார்த்தியபடியே இருக்கின்றது. இடக்கண்ணுக்கும் வில்லை மாற்றி, ஒரு மாலை எதிர்விளக்கிலே தெருவோரத்தை நின்று பார்த்தபிறகே அதனைத் தொடுவதென்று அவர் முடிவு செய்திருக்கின்றார்.